உங்களுக்கென்று தனியாக ஒன்று

வியாழக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்குக் கடையின் வாட்ஸ்அப் செய்தி போக வேண்டும் என்பது அவள் கணவர் போட்ட சட்டம். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினால் ஜனங்கள் பசி எரிச்சலில் இருப்பார்கள், இரண்டு மணிக்கு அனுப்பினால் உண்ட மயக்கத்தில் இருப்பார்கள். ஒன்றேகாலுக்கு ஒரு கை தட்டில் இருக்கும், இன்னொரு கை சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்கிற கைதான் நம் வாடிக்கையாளர் என்பார்.

அவர் போய் ஐந்து மாதமாகிவிட்டது. வீட்டுச் சாமான் கடையும் சட்டமும் அவள் தலையில் விழுந்திருந்தன.

கடையில் வாளி, துடைப்பம், பிளாஸ்டிக் டப்பா, குக்கர் கேஸ்கட் என்று ஒரு வீடு மூச்சுவிடத் தேவையான எல்லாம் உண்டு. ஆனால் தெருவில் இதே சாமான் விற்கிற கடை இன்னும் மூன்று இருந்தன. இந்தக் கடைக்கு ஆள் வந்தது அவருடைய வியாழக்கிழமைச் செய்திக்காக. புதிதாக யார் வந்தாலும், பில்லைக் கையில் கொடுப்பதற்குமுன், "கடை நம்பரை உங்க போன்ல சேவ் பண்ணிக்குங்க, இல்லேன்னா நான் அனுப்பறது உங்களுக்கு வராது" என்று சொல்லி, எதிரிலேயே செய்ய வைத்துவிடுவார். அப்படி ஒவ்வொருவராகச் சேர்த்து, 'வியாழன்' என்று பெயரிட்ட பிராட்காஸ்ட் பட்டியலில் இருநூற்றுப் பதினொரு பேர்.

அவர் எழுதியது இந்த மாதிரி இருக்கும்: 'வீட்டில் உத்தரவு: இந்த வாரம் துடைப்பம் வாங்குகிறவர்கள் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். இன்று காலை நான் பயன்படுத்தினேன். முதுகு பிடித்திருக்கிறது. விலை நூற்றிருபது, சனிக்கிழமை வரை.' எல்லாச் செய்தியும் 'வீட்டில் உத்தரவு' என்றுதான் ஆரம்பமாகும். உத்தரவு போடுகிற அந்தக் கண்டிப்பான அம்மாள் இவள்தான். வாழ்நாளில் அவரை ஒரு வேலை ஏவியதில்லை என்றாலும், இருநூறு வீடுகளில் இவளுக்கு ஒரு ஹிட்லர் பெயர் இருந்தது. கடைக்கு வருகிற ஆண்கள் பாதிப் பேர் இவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கி நிற்பார்கள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இப்போது எழுதுகிறவரும் இல்லை, எழுதப்பட்ட அம்மாளும் இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சாதாரணப் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

கட்டடத்தில் பாதி அவள் கொழுந்தனுக்குச் சொந்தம். அவன் இரண்டு தெரு தள்ளி நோட்டீஸ், பேனர் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தான். நல்லவன்தான். நல்லவர்கள் செய்கிற தொந்தரவைச் செய்தான்.

"அண்ணி, நீங்க ஏன் இந்த வயசுல வாளிக்கு நடுவுல உக்காந்து கஷ்டப்படணும்? போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் கடையைக் கேக்கறார். மாசம் பிறந்தா வாடகை வீட்டுக்கு வந்துடும்."

"வீட்டுல உக்காந்து நான் என்ன பண்றது தம்பி?"

"ரெஸ்ட் எடுங்க."

"எதுக்கப்புறம்?"

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தான். நான்கு வியாழக்கிழமை. அண்ணன் காலத்தில் செய்தி போன அன்று முப்பது நாற்பது பேர் வருவார்கள். நான்கில் ஒரு வாரமாவது அப்படி வந்தால், அண்ணி நடத்தட்டும், அவன் வாயைத் திறக்க மாட்டான். வரவில்லை என்றால் போன் கவர்.

முதல் வாரம் அவள் அவருடைய பழைய செய்தி ஒன்றை எடுத்து, பொருளையும் விலையையும் மட்டும் மாற்றி அவருடைய போனிலிருந்தே அனுப்பினாள். மற்றவர்கள் சேமித்து வைத்திருப்பது அந்த எண்ணைத்தானே. 'வீட்டில் உத்தரவு' என்று போனதும் நாற்பத்தாறு பதில் வந்தன. நாற்பத்தாறும் கும்பிடுகிற கைகள். இறந்தவரின் எண்ணிலிருந்து இறந்தவரின் நகைச்சுவை வந்தால் யார்தான் சிரிப்பார்கள். நேரில் வந்தது நான்கு பேர். நால்வரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அதில் ஒருவர் மட்டும் சங்கடத்துக்கு ஒரு சோப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது வாரம் கொழுந்தன் உதவிக்கு வந்தான். 'மாபெரும் அதிரடி தள்ளுபடி மழை!!!' என்று மஞ்சள் நட்சத்திரம் வெடிக்கிற படம் ஒன்று செய்து ஸ்டேட்டஸில் போட்டான். பதினேழு பொருள், பதினேழு விலை. போனில் பார்த்தால் எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது. பதில் எழுதுகிற கட்டம் கடைசி வரியின் மேல் வந்து உட்கார்ந்து, கடையின் பெயரையே மறைத்துவிட்டது.

"தொண்ணூத்தெட்டு பேர் பாத்திருக்காங்க அண்ணி" என்றான் பெருமையாக, கண் அடையாளத்தைத் தொட்டுக் காட்டி.

"பாத்தவங்க எங்கே?" என்று கேட்டாள் வெண்கலம்.

வெண்கலம் என்பது கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிற பெண்ணின் பட்டப்பெயர். பெயர் குரலால் வந்தது. அவள் ரகசியமாகப் பேசினால் எதிர்ச்சாரியில் கேட்கும்.

மூன்றாவது வாரம் அவளே உட்கார்ந்து எழுதினாள். நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்து, கடைசியில் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி ஒரு பட்டியல் போயிற்று. ஒன்பது பேர் வந்தார்கள்.

நான்காவது வியாழக்கிழமை வந்தது. வெளியே பத்து நாளாக மழை விட்டபாடில்லை. மடக்கி வைக்கிற துணி ஸ்டாண்டு இருபத்தைந்து, அட்டைப்பெட்டியோடு கடையின் நடுவில் யானை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவள் போனை எடுத்தாள். 'மடக்கும் துணி ஸ்டாண்டு. 1450க்கு விற்றது, 1100. சனிக்கிழமை மாலை வரை, இருப்பு உள்ளவரை. மழைநாளில் வீட்டுக்குள்ளேயே காயவைக்கலாம்.' திரும்பப் படித்தாள். பிழை எதுவும் இல்லை. உயிரும் இல்லை. மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. அனுப்பினாள்.

கிணற்றில் கல் போட்ட மாதிரி பத்து நிமிடம் அமைதி. பிறகு திரையின் மேலே ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. ஓய்வுபெற்ற டீச்சர். 'எனக்கு ஒன்று வேண்டும். முழங்கால் வலி, கூட்டத்தில் நிற்க முடியாது. ஆறு மணிக்கு மேல் வரலாமா?'

கூட்டமாம். கடையில் அவளும் வெண்கலமும் ஒரு மின்விசிறியும் மட்டும் இருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் மேல் பிரியமும் வந்தது. இந்தப் பதிலை எழுத அவள் யோசிக்கவே இல்லை. திரையில் தான் அனுப்பிய செய்தி அப்படியே திறந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் விரல் ஓடியது:

'உங்களுக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அவசரமில்லாம வாங்க. வெளியே சொல்லிடாதீங்க, மத்தவங்க கோவிச்சுப்பாங்க.'

அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தாள். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது இல்லையா. பிறகு ஒரு சந்தேகத்தில் டீச்சரின் பக்கத்தைத் திறந்தும் பார்த்தாள். டீச்சரின் கேள்வி, அதற்குக் கீழே தன் பதில், எல்லாம் சரியாக இருந்தது. பதிலின் மூலையில் குட்டியாக ஒரு ஒலிபெருக்கிப் படம் இருந்தது. இந்த போனில் ஆயிரம் படம் வரும் போகும் என்று விட்டுவிட்டாள்.

முதலில் வந்தவர் சலவைக்கடைக்காரர். கடைக்குள் நுழைந்து, வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்து, கல்லாவின் மேல் குனிந்தார்.

"வந்துட்டேன்மா."

"வாங்க. என்ன வேணும்?"

"அதான்." கண்ணால் பெட்டிகளைக் காட்டினார். "நீங்க சொன்னது."

விளம்பரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஸ்டாண்டைக் கொடுத்தாள். அவர் அதைக் குழந்தையை மறைப்பது போலக் குடைக்குள் மறைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"துணி ஸ்டாண்டுக்கு எதுக்கு மூச்சு விடணும்?" என்றாள் வெண்கலம்.

அடுத்தவர் தையல்காரர். மெதுவாக, "பின்பக்கமா வரட்டுமா?" என்று கேட்டார். கடைக்குப் பின்பக்கமே கிடையாது. மூன்றாவது ஒரு பெண், கடையில் இன்னொருவர் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் போகும்வரை ஒரு வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்காவது வந்தவர் பாங்க்கில் வேலை செய்கிறவர். வெண்கலம் வழக்கம்போல், "ஸ்டாண்டா சார்?" என்று கேட்டதும், அவர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. அம்மா தனியாச் சொல்லியிருக்காங்க."

"தனியாவா? என்ன சொன்னாங்க?"

அவர் போனை நெஞ்சோடு அணைத்தபடி திருப்பிக் காட்டினார். கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். 'உங்களுக்குன்னு தனியா ஒண்ணு.'

பாங்க்காரரை அனுப்பிவிட்டுத் தன் போனை எடுத்தாள். டீச்சருக்கு எழுதியது டீச்சரின் பக்கத்தில் எழுதப்படவில்லை. திறந்து கிடந்தது 'வியாழன்' பட்டியல். அதில் எழுதினால் இருநூற்றுப் பதினொரு பேருக்கும் போகும். மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் படத்துக்கு அதுதான் அர்த்தம். போனவிதம்தான் விசேஷம். குழுவில் போட்டிருந்தால் எல்லோரும் எல்லோரையும் பார்த்திருப்பார்கள். பிராட்காஸ்டில் போனது ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியாக, அவருக்கென்றே எழுதியதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். படித்தவர்கள் என்று நீலக் குறியின் கீழ் நீளமான வரிசை.

"அழிச்சிடுங்கக்கா" என்றாள் வெண்கலம்.

"படிச்சவங்க மண்டைக்குள்ளேர்ந்து எப்படி அழிக்கறது?"

"அப்ப என்ன பண்றது?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தானே பேசறேன்" என்றாள் வெண்கலம். எதிர்க்கடையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நடந்ததை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. மூன்று மணியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடச் சத்தமாகப் பேசவில்லை. ஸ்டாண்டு வாங்க வந்தவர்கள் பக்கத்தில் ஆள் இருந்தால் வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் போல நடித்தார்கள். நடிப்பதற்காக டப்பா வாங்கினார்கள், வடிகட்டி வாங்கினார்கள். ஒருவர் மூன்று கதவுத்தாழ்ப்பாள் வாங்கினார், அவர் இருந்தது வாடகை வீட்டில். கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகத் தனித்தனியே வந்து, ஆளுக்கொரு பெட்டியோடு வாசலில் முட்டிக்கொண்ட ஒரு ஜோடியும் உண்டு.

"உனக்கும் தனியா எழுதினாங்களா?"

"ஏன், எனக்கு எழுதக் கூடாதா?"

அவர்கள் போகும்போது பேசிக்கொண்டது கடைக்காரம்மாவுக்குக் கேட்டது. அவர் காலமான பிறகும் அந்தம்மா நம்மை ஞாபகம் வைத்திருக்கிறதே என்றார் கணவர். பாவம் தனியா இருக்காங்க, இனிமே இங்கேயே வாங்கணும் என்றாள் மனைவி.

அவளுக்கு அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. இதோ கடை நிறைந்திருக்கிறது. வெண்கலம் சீட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், ஆள்கணக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தப்படி கடை நிலைத்துவிட்டது. ஆனால் வருகிறவன் ஒவ்வொருவனும் தன்னை அவள் தனியாக நினைத்துக்கொண்டாள் என்று நம்பி வருகிறான். உண்மையைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்களோ, கோபித்துக்கொண்டு போவார்களோ. சொல்லாவிட்டால் நாளைக்கு டீச்சரும் சலவைக்காரரும் எங்கேயாவது பேசிக்கொள்ளத்தான் போகிறார்கள், முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது. சனிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று ஒரு மனம் சொன்னது. கொழுந்தனுக்குக் கணக்கு சரியாகிவிடும்.

ஐந்தரை மணிக்குக் கொழுந்தனே வந்தான். மழையில் நனைந்த தலையோடு, கூட்டத்தைப் பார்க்காமலே நேராகக் கல்லாவுக்கு வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணி." குரல் தணிந்திருந்தது. "நான் வந்து... உங்ககிட்ட இப்படி ஒரு வார்த்தை எதிர்பாக்கல. நான் கடையை வாடகைக்கு விடச் சொல்லித் தொல்லை பண்றேன். நீங்க எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்க."

பட்டியலில் இவனும் இருந்தான். அண்ணன் சேர்த்திருக்கிறார்.

"வீட்டுல சொன்னேன். அவ அழுதுட்டா." அவன் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "இதுதானே?" என்று இழுத்து எடுத்துக்கொண்டான்.

அந்த நேரம் கடையில் விற்கிற ஸ்டாண்டு ஒன்றும் மிச்சமில்லை. இருபத்துநான்கும் போய்விட்டது. எட்டுப் பேர் ஆளுக்கொரு சாமானோடு காத்துக்கொண்டிருந்தார்கள், எட்டுப் பேர் கண்ணும் கொழுந்தன் கையில் இருந்த பெட்டியின் மேல். அவள் எழுந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இது டீச்சரோடது."

"எந்த டீச்சர்?"

"ஆறு மணிக்கு வருவாங்க. நான் எழுதினது அவங்களுக்குத்தான். அவங்க ஒருத்தருக்குத்தான்." சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. "தப்பான இடத்துல எழுதி அனுப்பிட்டேன். எல்லாருக்கும் போயிடுச்சு. இருநூத்திப் பதினோரு பேருக்கும். யாருக்கும் நான் எடுத்து வைக்கல. மன்னிச்சுக்குங்க."

எட்டுப் பேரும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப உங்களுக்கும் வந்துச்சா?"

"நீங்க தாழ்ப்பாள் வாங்கத்தானே வந்தீங்க?"

"நான் எங்கே தாழ்ப்பாள் போடப்போறேன், வீட்டுக்காரர் கொன்னுடுவார்."

யாரோ ஒருவர் கனைத்தார், அது சிரிப்பாக மாறியது, பிறகு அடங்கவில்லை. வடிகட்டி வைத்திருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. பின்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, "நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன்" என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் குடையை விரித்தாள். அவள் பின்னால் இன்னொருவரும் போனார். மற்ற ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். மொத்த வியாபாரியிடம் வெண்கலம் போனில் பேசினாள், அவருக்கு அது போனில்லாமலும் கேட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை நாற்பது ஸ்டாண்டு வரும் என்றார்.

கொழுந்தன் பெட்டியை விட்டுவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியவில்லை.

"என் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்றது?"

"செவ்வாக்கிழமை ஒண்ணு தர்றேன். உனக்குன்னே. நிஜமா."

"மொதல்ல எல்லாருக்கும் ஒரு மறுப்பு அனுப்பணும் அண்ணி. நான் எழுதித் தர்றேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எமது நிறுவனத்தின் செய்தி...'"

"கோளாறு போன்ல இல்ல. என் விரல்ல."

"அப்படியெல்லாம் எழுதுவாங்களா?"

அவள் 'வியாழன்' பட்டியலைத் திறந்தாள். இந்த முறை மேலே இருந்த பெயரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கட்டத்தில் விரலை வைத்தாள். யோசிக்காமல், டீச்சருக்கு எழுதியது போலவே எழுதினாள்.

'மதியம் உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்னு எழுதினது ஒரே ஒருத்தருக்கு. 211 பேருக்கு அனுப்பிட்டேன். தப்பு என்னுது. எழுதறது இனிமே நான்தான், அவர் இல்ல. எனக்கு அவர் மாதிரி வராது. கடையில இருந்த ஸ்டாண்டு தீர்ந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை நாற்பது வருது, அதே 1100. வேணும்னா பேர் அனுப்புங்க, எடுத்து வைக்கிறேன். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்.'

ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டாள்: 'ஸ்டாண்டு தீர்ந்தது, செவ்வாய்க்கிழமை வரும்.' கிழமையைத்தான் எழுத வேண்டும். ஐந்து நாள் கழித்து என்று எழுதினால், ஸ்டேட்டஸை மறுநாள் மதியம் பார்க்கிறவர் அவர் பார்க்கிற நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்.

பதில்கள் வர ஆரம்பித்தன. கும்பிடுகிற கை ஒன்றுகூட இல்லை. 'சரி அக்கா, ஒண்ணு.' 'நாங்க ரெண்டு வாங்கிட்டோம், ஒண்ணைத் திருப்பலாமா?' 'என் பொண்ணு கேலி பண்றா, ஆனாலும் ஒண்ணு வைங்க.' ஒருவர் மட்டும் 'என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க' என்று எழுதியிருந்தார். அது பாங்க்காரர். அவள் அவரை எடுத்தாள். இருநூற்றுப் பத்து.

ஆறேகாலுக்கு டீச்சர் மெதுவாக வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று, "ஏம்மா, நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார்.

கொழுந்தன் எழுந்துபோய் அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீச்சர் உட்கார்ந்ததும், தன் போனை எடுத்துக்கொண்டு அண்ணியின் பக்கம் வந்தான்.

"இத்தனை பேர் வந்தா ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனா அந்த போன் கவர்காரருக்கு என்ன சொல்றது? நேத்துதான் சரின்னு சொல்லி வச்சேன். 'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு ஆரம்பிக்கட்டுமா?"

"நீ நேத்துச் சரின்னு சொல்லிட்டியா? நாலாவது வாரம் முடியறதுக்குள்ள?"

அவன் மழையைப் பார்த்தான்.

"எழுது" என்றாள். அவன் போனை நேராகப் பிடித்தான். "கடை காலியில்ல. எங்க அண்ணி நடத்தறாங்க. அவசரப்பட்டுச் சரின்னுட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் எழுதி முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்துப் பார்த்து, 'அண்ணி' என்பதற்குப் பக்கத்தில் அவன் சேர்த்திருந்த இரண்டு ஆச்சரியக்குறியையும் எடுக்கச் சொன்னாள். பிறகு டீச்சரின் பெட்டியை யார் வீடு வரை தூக்கிக்கொண்டு போவது என்று வெண்கலத்தைப் பார்த்தாள். வெண்கலம் கொழுந்தனைப் பார்த்தாள்.